ஒருவர் செலவாளி, ஒருவர் சிக்கனம்: ஒரே வீட்டுக் கணக்கை ஓட்டுவது எப்படி

ஒரு வீட்டில் மாத வருமானம் 1000 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும், கணக்கு ஒன்றுதான். கணவர் 550 கொண்டுவருகிறார், மனைவி 450. கணவருக்குக் கை தாராளம். பிடித்ததைப் பார்த்தால் அன்றைக்கே வாங்கிவிடுவார். மனைவிக்குச் சேமிப்பில் எண் ஏறிக்கொண்டே இருந்தால்தான் தூக்கம் வரும். இருவரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றவில்லை. ஆனாலும் மாதத்தில் மூன்று நாளாவது பணத்தைப் பற்றி வாக்குவாதம் நடக்கிறது.

மனைவியின் மனக்கணக்கு இப்படி ஓடும்: வாடகை 280, மின்சாரம், போன், இணையம் சேர்த்து 60, மளிகை 190, போக்குவரத்து 70, பழைய கடனின் தவணை 90. மொத்தம் 690. அப்படியானால் மாதம் 310 மிஞ்ச வேண்டும், வருடத்துக்கு 3720 சேர வேண்டும். சேமிப்புக் கணக்கைப் பார்த்தால் ஒரு வருடத்தில் 840தான் சேர்ந்திருக்கிறது. மாதத்துக்கு 70. "மீதி 240 எங்கே போச்சு?" என்ற கேள்விக்கு அவரிடம் ஒரே ஒரு விடைதான் இருக்கிறது. அந்த விடை எதிரே உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் பெரும்பாலான தம்பதிகள் பட்ஜெட் போடத் தொடங்குகிறார்கள். அது தவறான தொடக்கம். காணாமல் போன 240 என்ன என்று தெரியாமல் போடும் பட்ஜெட், ஒருவர் மீது மற்றவர் எழுதும் குற்றப்பத்திரிகையாகத்தான் முடியும். இரண்டு மாதத்தில் அந்த நோட்டு பரணுக்குப் போய்விடும்.

முதலில் 12 மாதக் கணக்கைப் பிரித்துப் பார்ப்பது

முதல் வேலை, கடந்த 12 மாத வங்கி அறிக்கைகளையும் கிரெடிட் கார்டு பில்களையும் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே நான்கு குறிகளில் ஒன்றைப் போடுவது. மாதாமாதம் வரும் பொதுச் செலவுக்கு "மா". வீட்டுக்காக எப்போதாவது வரும் செலவுக்கு "எ". கணவர் தனக்காகச் செய்தது "க". மனைவி தனக்காகச் செய்தது "ம". மளிகை, பொழுதுபோக்கு, உடை என்று இருபது தலைப்புகள் வைக்க வேண்டாம். தலைப்பு கூடக் கூட, எது எதில் சேரும் என்ற விவாதமும் கூடும். வேலை பாதியில் நின்றுவிடும். நான்கு குறி மட்டும் என்றால் இரண்டு மாலைப் பொழுதில் முடிந்துவிடும்.

மூன்று மாத அறிக்கை போதாது. வருடத்துக்கு ஒரு முறை வரும் காப்பீடும் பள்ளிக் கட்டணமும் அந்த மூன்று மாதத்தில் விழாமல் போகலாம். அப்புறம் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும்.

ஏடிஎம்மில் எடுத்த ரொக்கம் ஒரு சிக்கல். எதற்குச் செலவானது என்று இருவருக்கும் நினைவில்லையென்றால், யார் எடுத்தாரோ அவருடைய குறியைப் போட்டுவிட வேண்டும். முழுக்கச் சரியாக இருக்காதுதான். ஆனால் அதற்காக நின்றால் வேலை நகராது. குறி போடும் நேரத்தில் "இது எதுக்கு வாங்கின?" என்று கேட்கக் கூடாது என்பதையும் முன்னாலேயே பேசிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு எண்ணுவது மட்டும்தான் வேலை.

நம் தம்பதியின் கணக்கில் வந்தது இது. "மா" எதிர்பார்த்தபடியே மாதம் 690. கணவரின் சொந்தச் செலவு வருடத்துக்கு 1140, அதாவது மாதம் 95. மனைவியின் சொந்தச் செலவு 300, மாதம் 25. எப்போதாவது வரும் வீட்டுச் செலவு 1440, மாதம் 120.

காணாமல் போன 240இல் சரிபாதி யாருடைய தப்பும் இல்லை. வண்டிக் காப்பீடு, வண்டிப் பராமரிப்பு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், பல் வைத்தியம், உறவு வீட்டு விசேஷம், பழுதான துணி துவைக்கும் இயந்திரம், இவையெல்லாம் சேர்ந்து விழுங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றும் வரும்போது "இந்த மாசம் மட்டும் எதிர்பாராத செலவு" என்று சொல்லி மறக்கப்பட்டவை. இன்னொரு பக்கம், கணவரின் 95 என்பதும் பொய் இல்லை. "நான் அப்படி என்ன செலவு பண்ணிட்டேன்?" என்று கேட்டவர் அந்த எண்ணைத் தன் கையாலேயே கூட்டிப் பார்த்துவிட்டார். இருவரும் மனதில் வைத்திருந்த எண் தவறு என்று இருவருக்கும் ஒரே நாளில் தெரிவதால்தான் இந்த இரண்டு மாலைகளைத் தவிர்க்கக் கூடாது.

எப்போதாவது வரும் செலவுக்கு ஒரு தனிக் கணக்கு

வேறெதையும் மாற்றாமல் இதை ஒன்றை மட்டும் செய்தாலே சண்டை கணிசமாகக் குறையும். அந்த 1440க்கு வங்கியில் தனியாக ஒரு கணக்கு. மாதம் 120 சம்பளம் வந்த மறுநாள் தானாகவே அதற்குப் போய்விட வேண்டும். வண்டிக்கோ பல்லுக்கோ செலவு வந்தால் அந்தக் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்போது சேமிப்பில் கைவைக்கும் தேவை வராது. சேமிப்பு எண் இறங்குவதைப் பார்த்துத்தான் சிக்கனக்காரருக்குப் பதற்றம் வருகிறது. எதற்காக இறங்கியது என்பது அந்த நேரத்தில் அவர் கண்ணில் படாது.

இதில் பலரும் தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு. வருடச் செலவை 12ஆல் வகுத்தால் மட்டும் போதாது. செலவுகள் சமமாகப் பிரிந்து வருவதில்லை. நம் வீட்டில் முதல் மாதம் மருத்துவத்துக்கு 30, இரண்டாம் மாதம் விசேஷத்துக்கு 80, மூன்றாம் மாதம் வண்டிப் பராமரிப்புக்கு 75. நான்காம் மாதம் பள்ளிக் கட்டணம் மொத்தமாக 480.

ஒரு தாளில் மாதங்களை வரிசையாக எழுதி, போட்டதையும் எடுத்ததையும் கூட்டிக் கழித்தால், முதல் மாத முடிவில் மீதி 90. இரண்டாம் மாதம் 130. மூன்றாம் மாதம் 175. நான்காம் மாதம் 120 போட்டு 480 எடுத்தால் கணக்கு 185 கீழே போகிறது. வருடம் முழுவதும் இப்படியே எழுதிப் பார்த்து, எந்த மாதத்தில் கணக்கு மிகக் கீழே போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நம் கணக்கில் அது நான்காம் மாதம்தான். அப்படியானால் தொடங்கும்போதே அந்தக் கணக்கில் குறைந்தது 185 இருக்க வேண்டும். கொஞ்சம் கூட்டி 200 என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த விதைப்பணம் இல்லாமல் தொடங்கினால் நான்காம் மாதத்தில் கணக்கு வற்றிவிடும். "பார்த்தியா, இந்தத் திட்டமும் வேலை செய்யலை" என்று இருவரும் முடிவு கட்டிவிடுவார்கள். திட்டத்தில் பிழையில்லை, தொடங்கிய மாதம்தான் இடறிவிட்டது. இவர்களுடைய பழைய சேமிப்பு 1150. அதிலிருந்து 200 எடுத்தால் 950 நிற்கும். சிக்கனக்காரருக்கு இந்த 200ஐ விட்டுக்கொடுப்பது கடினமாக இருக்கும். அந்த மாதங்களை எழுதிய தாளைக் காட்டித்தான் அவரைச் சம்மதிக்க வைக்க முடியும். வாயால் சொல்லி முடியாது.

கேள்வி கேட்காத பங்கு

இப்போது மிச்சம் இருப்பது 190. மாதச் செலவு 690, தனிக் கணக்குக்கு 120 போக நிற்கும் பணம். இதில்தான் இருவருடைய சுபாவமும் நேருக்கு நேர் மோதுகிறது.

சுபாவத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்காட் ரிக், சிந்தியா கிரைடர், ஜார்ஜ் லோவன்ஸ்டீன் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, பணம் கொடுக்கும்போது மனதில் உண்டாகும் வலியை வைத்து மனிதர்களைப் பிரித்துப் பார்த்தது. சிலருக்கு அந்த வலி அளவுக்கு மீறி இருக்கிறது. தேவையானதற்குக்கூடச் செலவழிக்க முடியாமல் தடுமாறுகிறார்கள். சிலருக்கு அது மிகக் குறைவு; தாங்களே நினைத்ததைவிட அதிகம் செலவழித்துவிடுகிறார்கள். 2011இல் ரிக், டெபோரா ஸ்மால், எலி ஃபிங்கல் ஆகியோர் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, இந்த இரு வகையினரும் ஒருவரை ஒருவர் தேடிப்போய் மணந்துகொள்ளும் போக்கு இருப்பதையும், வித்தியாசம் கூடக் கூடப் பணச் சண்டையும் கூடுவதையும் காட்டியது.

வீட்டுக் கணக்குக்கு இதில் நேரடியான பயன் இருக்கிறது. சிக்கனக்காரரிடம் "செலவு பண்ணிப் பழகு" என்றோ, செலவாளியிடம் "அடக்கிக்கோ" என்றோ சொல்வதால் எதுவும் மாறுவதில்லை. ஒருவருக்கு இருக்கும் வலி இன்னொருவருக்கு இல்லை. அதனால் ஒவ்வொரு செலவின்போதும் இருவரும் ஒத்துப்போக வேண்டும் என்ற நிலையையே இல்லாமல் செய்துவிட வேண்டும்.

அதற்கான வழி, இருவருக்கும் சமமான ஒரு தனிப் பங்கு. மாதாமாதம் அவரவர் சொந்தக் கணக்குக்குப் போகும். அதில் என்ன வாங்கினார் என்று மற்றவர் கேட்கக் கூடாது, கணக்கைத் திறந்து பார்க்கவும் கூடாது. சம்பாதிப்பதில் 550, 450 என்று வித்தியாசம் இருந்தாலும் பங்கு சமமாகத்தான் இருக்க வேண்டும். ஒருவர் வெளியே சம்பாதிக்காமல் வீட்டைப் பார்த்துக்கொண்டாலும் அப்படியே. வருமானத்துக்கு ஏற்றபடி பங்கு பிரித்தால், குறைவாகச் சம்பாதிப்பவர் ஒவ்வொரு மாதமும் தன் இடம் என்ன என்பதை அந்த எண்ணில் படித்துக்கொண்டே இருப்பார்.

எவ்வளவு என்பதில் பெரும்பாலான வீடுகள் ஒரே தவறைச் செய்கின்றன. கணவர் 95 செலவழிக்கிறார் என்று தெரிந்ததும், ஆளுக்கு 40 என்று முடிவு செய்துவிடுகிறார்கள். கணவரும் அன்றைக்கு இருந்த குற்ற உணர்ச்சியில் தலையாட்டிவிடுவார். இரண்டாம் மாதம் 12ஆம் தேதி பணம் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவர் திட்டத்தை மீறுவார் அல்லது மறைப்பார். மறைப்பது மீறுவதைவிட மோசம். செலவாளியின் பழைய அளவிலிருந்து கால் பங்குக்கு மேல் ஒரே தடவையில் குறைக்கக் கூடாது. 95இல் கால் பங்கு குறைத்தால் 71. ஆகவே முதல் மூன்று மாதம் ஆளுக்கு 70. அதன் பிறகு 60.

இப்போது கணக்கு: மாதச் செலவு 690, தனிக் கணக்கு 120, இரண்டு பங்கு 140, பொதுச் சேமிப்பு 40, தவறிப்போகும் கணக்குக்கு இடைவெளி 10. மொத்தம் 1000.

சேமிப்பு 70இலிருந்து 40ஆகக் குறைந்துவிட்டதே என்று மனைவி பதறுவார். பதறத் தேவையில்லை. அவருக்கும் 70 வருகிறது. அவர் செலவழிப்பது 25தான். மீதி 45ஐ அவர் தன் பெயரிலேயே சேர்க்கலாம். அது அவருடைய பணம், கணவர் அதைக் கேட்க முடியாது. வீட்டுக்குள் சேர்வது மொத்தம் 85 ஆகிறது. சேர்த்துப் பார்ப்பதில் மகிழ்ச்சி காண்பவர் தன் பங்கில் அந்த மகிழ்ச்சியை வாங்கிக்கொள்கிறார். கணவர் தன் பங்கில் காலணி வாங்கிக்கொள்கிறார். சமப் பங்கு சிக்கனக்காரருக்கு நஷ்டம் என்ற எண்ணம் இந்தக் கணக்கை எழுதிப் பார்த்தால் மறையும்.

மூன்று மாதம் கழித்துப் பங்கு 60 ஆனால் பொதுச் சேமிப்பு 60 ஆகும். "நிறையச் சேர வேண்டும்" என்ற இலக்கு எவ்வளவு சேர்ந்தாலும் நிறையாது. அதனால் சிக்கனக்காரரின் பயத்துக்கு ஒரு எண் கொடுக்க வேண்டும். இந்த வீட்டின் ஒரு மாத முழுச் செலவு 690உம் 120உம் சேர்ந்து 810. கையில் இருக்கும் 950 ஏற்கெனவே ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டது. இரண்டு மாதத்துக்கு 1620 வேண்டும், இன்னும் 670 தேவை. முதல் மூன்று மாதம் 40, பிறகு 60 என்று போனால் ஏறக்குறைய 13 மாதத்தில் அங்கே போய்ச் சேரலாம். தேதியோடு கூடிய இலக்கு கிடைத்தபின், கணவர் வாங்கிய ஒரு சட்டையைப் பார்த்து எதிர்காலமே போய்விட்டதாக அவருக்குத் தோன்றுவது குறையும்.

பொதுவா, சொந்தமா?

பங்கு பிரித்த முதல் மாதத்திலேயே சண்டை இடம் மாறி இங்கே வந்து நிற்கும். "இது வீட்டுக்குத்தானே வாங்கினேன்" என்ற வாக்கியம் வீட்டில் அடிக்கடி கேட்க ஆரம்பித்தால், எல்லைக்கோடு தெளிவாக இல்லை என்று அர்த்தம்.

நடைமுறையில் நன்றாக நிற்கும் விதி இரண்டு. முதலாவது, ஒரு பொருளை இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் வீடு வாங்கியிருக்குமா என்று கேட்பது. வாங்கியிருக்கும் என்றால் பொது. இல்லையென்றால் சொந்தம். சேர்ந்து வெளியே சாப்பிட்டால் பொது. தனியாக நண்பர்களோடு சாப்பிட்டால் சொந்தம். ஒருவருக்கு ஒருவர் வாங்கித் தரும் பரிசு கண்டிப்பாகச் சொந்தம்; பொதுப் பணத்தில் பரிசு கொடுத்தால் அதைப் பெறுபவரே பாதி விலையைக் கொடுத்ததாகிவிடும்.

இரண்டாவது விதி வித்தியாசத்தைப் பற்றியது. கணவரின் போன் உடைந்துவிட்டது. வேலைக்குப் போன் வேண்டும், ஆகவே அது பொதுச் செலவு. சாதாரணமாக வேலைக்குப் போதுமான போன் 60. அவர் விரும்புவது 100. வீடு 60 கொடுக்கும், 40 அவர் பங்கிலிருந்து வரும். அடிப்படை விலை எது என்பதை மட்டும் இருவரும் பேசினால் போதும். "உனக்கு எதுக்கு இவ்வளவு நல்ல போன்?" என்ற பேச்சே எழாது. இதே விதி சிக்கனக்காரரையும் கட்டுப்படுத்தும். அவர் 60க்குப் பதில் 25க்கு ஒரு பழைய போனை வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வேலைக்குப் போதுமானதுதான் அளவுகோல்.

பெற்றோருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் கொடுப்பது மென்மையான இடம். தனிக் கணக்கின் பட்டியலில் இரு பக்கக் குடும்பத்துக்கும் தனித்தனியே எண் எழுதி வைத்துவிட வேண்டும். தேவை வேறுபட்டால் எண்ணும் வேறுபடலாம், ஆனால் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் கொடுக்க விரும்பினால் சொந்தப் பங்கிலிருந்து கொடுக்கலாம்.

பொதுப் பணத்தில் பெரிய பொருள் வாங்குவதற்கு ஒரு வரம்பு வேண்டும். அதற்கு மேல் என்றால் முதலில் சொல்லிவிட்டு இரண்டு நாள் பொறுப்பது என்று வைத்துக்கொள்ளலாம். வரம்பை மனதுக்குத் தோன்றியபடி வைக்காமல், குறி போட்ட அறிக்கையைப் பார்த்து, மாதத்தில் இரண்டு முதல் நான்கு வாங்கல்கள் மட்டும் தாண்டும் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த வீட்டுக்கு 20 சரியாக இருந்தது. 5 என்று வைத்தால் செலவாளி மூச்சுக்கு மூச்சு அனுமதி கேட்க வேண்டியிருக்கும். 100 என்று வைத்தால் விதி இருப்பதே மறந்துபோகும். ஒரே வேலைக்காக 18, 18, 17 என்று மூன்றாக வாங்கினால் அது 53. தனித்தனி பில் என்பது கணக்கில் வராது.

எங்கே கசியும்

செலவாளி பக்கம் முதலில் கசிவது மாதத் தொடக்கம். பங்கு பத்து நாளில் தீர்ந்து, "பொதுவிலிருந்து எடுத்துக்கறேன், அடுத்த மாசம் வச்சிடறேன்" என்று ஆரம்பிக்கும். கடன் ஒரு முறை அனுமதிக்கப்பட்டால் அடுத்த மாதப் பங்கு குறைவாகத் தொடங்கும், இன்னும் சீக்கிரம் தீரும், இன்னும் பெரிய கடனாகும். இதற்கு அறிவுரை உதவாது. பங்கை வாரப் பணமாக மாற்ற வேண்டும். 60 என்றால் வாரம் 13 தானாகவே அவருடைய செலவுக் கணக்குக்கு வரட்டும். ஐந்து வாரம் வரும் மாதத்தில் 65 ஆகும். முந்தைய நான்கு வார மாதத்தில் மிஞ்சிய 8 அதைத் தாங்கிக்கொள்ளும்.

அடுத்த கசிவு கிரெடிட் கார்டு. வாங்கியது இந்த மாதம், பில் வருவது அடுத்த மாதம். நடுவில் பங்கு முழுதாகக் கையில் இருப்பது போலத் தெரியும். சொந்தச் செலவைக் கார்டில் செய்தால், அன்றைக்கே அதே தொகையைப் பங்கிலிருந்து கார்டுக்குக் கட்டிவிட வேண்டும். இதைத் தொடர்ந்து செய்ய முடியாதவர் சொந்தச் செலவுக்கு டெபிட் கார்டு மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது. தவணையில் வாங்குவதும் அப்படித்தான். மாதம் 8 வீதம் 12 மாதம் என்றால், அவருடைய பங்கு ஒரு வருடத்துக்கு 60 இல்லை, 52. இரண்டாவது தவணை, மூன்றாவது தவணை என்று சேர்ந்தால் பங்கு முழுவதும் பழைய வாங்கல்களுக்கே போகும்; கையில் ஒன்றும் இல்லாத மனிதர் பொதுப் பணத்தைத்தான் பார்ப்பார். சொந்தத் தவணைகள் எல்லாம் சேர்ந்து பங்கில் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம்.

சிக்கனக்காரர் பக்கத்துக் கசிவு கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மளிகை சராசரியாக 190 ஆகிறது என்று அறிக்கை சொல்லும்போது, "150க்குள் முடிக்கலாம்" என்று திட்டத்தில் 150 எழுதுவார். 22ஆம் தேதி பணம் தீரும். வாங்கி வந்தவர்மேல் பழி விழும். ஆசைப்பட்ட எண்ணை எழுதாமல் நடந்த எண்ணை எழுத வேண்டும். குறைக்க வேண்டுமென்றால் எந்தப் பொருளை விடப்போகிறோம் என்று பெயர் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, தனிக் கணக்கில் பணம் நிற்பதைப் பார்த்து "சும்மா கிடக்குதே" என்று சேமிப்புக்கு மாற்றிவிடுவது. தாளில் ஏழாம் மாத முடிவில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதோ, கணக்கில் அதைவிட மிக அதிகமாக இருந்தாலும் கவனிக்க வேண்டும். வண்டி டயர் தேய்ந்திருக்கிறது, பல் வலி தள்ளிப்போடப்படுகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். தள்ளிப்போட்ட பல் வைத்தியம் சேமிப்பு ஆகாது. பிறகு பெரிய பில்லாகத் திரும்பி வரும்.

வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும் வீட்டில், கடந்த ஆறு மாதங்களில் மிகக் குறைந்த மாதத்தை எடுத்துத் திட்டம் போட வேண்டும். கூடுதலாக வருவது முதலில் தனிக் கணக்கின் பள்ளத்தை நிரப்ப வேண்டும், பிறகு சேமிப்புக்குப் போக வேண்டும்.

இவ்வளவும் இருவரும் பணத்தை வெளிப்படையாக வைத்திருக்கும் வீட்டுக்குத்தான். தனிப் பங்கில் வாங்கியதைச் சொல்ல வேண்டாம், ஆனால் கடனைச் சொல்லாமல் இருக்கக் கூடாது; கடன் கொடுத்தவர் இருவரும் இருக்கும் வீட்டுக்குத்தான் வருவார். சூதாட்டம், மறைத்த பெரிய கடன், ஒருவரின் சம்பளத்தை மற்றவர் பிடித்துவைத்துக்கொண்டு கைச்செலவுக்குக்கூடக் கெஞ்ச வைப்பது, இவை இருந்தால் பட்ஜெட் தாள் எதையும் சரிசெய்யாது. அங்கே வெளி உதவி தேவை. முக்கியமாக, கட்டுப்படுத்தப்படுபவர் தன் பெயரில் மட்டும் ஒரு கணக்கு வைத்திருக்க வேண்டும்.

மாதத்துக்கு அரை மணி நேரம்

சம்பளம் வந்த இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் உட்காருவது நல்லது. பில் கட்ட வேண்டிய இரவில் உட்காரக் கூடாது. ஏற்கெனவே நெஞ்சு படபடக்கும் நேரம் அது. அரை மணி நேரம் போதும், அதற்கு மேல் நீண்டால் அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைக்கலாம்.

பேச வேண்டியது மூன்றுதான். பொதுச் செலவு எந்த இடத்தில் எழுதியதைவிடக் கூடியது? தனிக் கணக்கில் தாளில் எழுதிய மீதி இருக்கிறதா? அடுத்த இரண்டு மாதத்தில் வரம்பைத் தாண்டும் செலவு ஏதாவது வருகிறதா? இருவருடைய தனிப் பங்கும் மேசைக்கு வராது.

கேள்வியை எப்படித் தொடங்குகிறோம் என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். "இந்த மாசம் ஏன் இவ்வளவு செலவு பண்ணீங்க?" என்றால் பதில் தற்காப்பாகத்தான் வரும். "மளிகை 190க்குப் பதிலா 224 ஆயிருக்கு, எந்த வாரத்துல கூடுச்சுன்னு பார்ப்போமா?" என்றால் இருவரும் தாளைப் பார்ப்பார்கள். அந்த 34 எங்கே என்று தேடினால் பெரும்பாலும் ஒரு விருந்தினர் வருகையோ ஐந்தாவது வாரமோதான் கிடைக்கும். ஐந்து வாரம் உள்ள மாதத்தில் மளிகை கூடுவது இயல்பு. இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து கூடினால்தான் திட்டத்தில் எழுதிய எண்ணை மாற்ற வேண்டும்.

கணக்கை எழுதும் வேலை எப்போதும் சிக்கனக்காரர் கையிலேயே போய் நிற்கும், அவருக்கு அது பிடிக்கும் என்பதால். அதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். தன் கையால் தனிக் கணக்கிலிருந்து 480ஐப் பள்ளிக்கு அனுப்பிய கணவருக்கு அந்தப் பணம் ஏன் அங்கே கிடந்தது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது. மூன்று மாதம் கணக்கை விட்டு விலகியிருந்த மனைவி, தான் பார்க்காத போதும் சேமிப்பு எண் ஏறியிருப்பதைப் பார்ப்பார்.

சம்பளம் உயர்ந்தால் அதைப் பிரிக்கும் விதியையும் உயரும் முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மாதச் செலவு இலக்கு எட்டும் வரை பாதி பொதுச் சேமிப்புக்கு, கால் பங்கு மாதச் செலவுக்கு, மீதிக் கால் பங்கு இரண்டு தனிப் பங்குக்கும் சமமாக. 1000 என்பது 1040 ஆனால் சேமிப்புக்கு 20, வீட்டுக்கு 10, ஆளுக்கு 5. பணம் கைக்கு வந்த பிறகு இதைப் பேசத் தொடங்கினால், அதற்குள் ஒருவர் அதை மனதில் செலவழித்திருப்பார், இன்னொருவர் சேமித்திருப்பார்.